ரிவியைச் சுவரில் மாட்ட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு எழுதும் கடிதம்: வன்னி வாடகை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ பிரான்ஸிலோ இருக்கிறார். சாவியும் வாடகைக் காசும் இங்கே உள்ள அவருடைய அக்கா, மச்சான், சித்தப்பா என்று யாராவது ஒருவரின் பொறுப்பில் இருக்கும். நானும் அப்படி இரண்டு உறவினர் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். குடியிருப்பவர்கள் எழுதும் கடிதங்கள் என் கைக்குத்தான் முதலில் வருகின்றன. "சுவரில் ரிவி மாட்டலாமா?" என்று ஒரு வரி கேட்பவருக்குப் பெரும்பாலும் "வேண்டாம்" என்றுதான் பதில் போகிறது. ஏன் என்றால் அந்த ஒரு வரியைப் படிக்கும்போது, ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் சொந்தக்காரரின் கண்ணுக்குத் தெரிவது ரிவி இல்லை. ஆட்கள் போன பிறகு ஓட்டையும் வெடிப்புமாக நிற்கும் சுவர்தான். நீங்கள் வீட்டை ஒப்படைக்கும் நாளில் அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்பதற்குக் கடிதம் பதில் சொன்னால், பயம் போய்விடும்.

அந்தப் பதிலைச் சொல்ல, முதலில் சுவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கடிதத்துக்கு முன் சுவரிலிருந்து தொடங்குவோம்.

சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள்

எங்கள் பக்கத்தில் போருக்குப் பிறகு எழும்பிய வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லால் கட்டியவை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழுவதும் நிரம்பிய கல். மற்றது உள்ளே வெற்றிடம் விட்டு அரிந்த கல். பூசிய பிறகு வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ரிவி மாட்டுவதற்கு இரண்டும் வேறு வேறு சுவர்கள். நிரம்பிய கல்லில் பிளாஸ்ரிக் பிளக் ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் இறுகப் பிடித்து நிற்கும். வெற்றிடமுள்ள கல்லில் முன்பக்க ஓடு இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர்தான் இருக்கும். பிளக் அந்த ஓடு முடிந்த இடத்தையும் கடந்து வெறும் காற்றுக்குள் நீட்டிக்கொண்டு, ஸ்குருவைத் திருகத் திருகச் சும்மா சுற்றும்.

தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். நல்ல பூச்சு இருந்தால் தட்டும் சத்தம் ஏமாற்றிவிடும். அதைவிட நம்பக்கூடிய வழிகள் உண்டு. வீட்டின் ஏதாவது ஒரு பக்கத்தில், பின்சுவரிலோ சீலிங்குக்கு மேலேயோ, பூசாத கல் தெரிந்தால் அதைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், முன்பு இருந்தவர்கள் கேர்ட்டின் கம்பிக்கோ மணிக்கூட்டுக்கோ போட்ட பழைய ஸ்குரு ஒன்று அந்தச் சுவரில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஓட்டைக்குள் காய்ந்த ஈர்க்கு ஒன்றை விட்டுப் பாருங்கள். நான்கு, ஐந்து சென்ரிமீற்றரில் திடமாக முட்டி நின்றால் அந்த இடம் நிரம்பியது. பத்து சென்ரிமீற்றர் தடையில்லாமல் போனால் உள்ளே வெற்றிடம். ஒரு ஓட்டை முழுச் சுவரையும் சொல்லிவிடாது. கல்லின் நடுவே உள்ள தடுப்பில் அது விழுந்திருக்கலாம். இரண்டு மூன்று இடத்தில் பார்த்தால் தெளிவாகும். வீட்டைக் கட்டிய மேசன் ஊரில் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். பல வீடுகளில் அவர்தான் சரியான பதில்.

"ஒரு ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்போம்" என்று மட்டும் தொடங்க வேண்டாம். அனுமதிக்கு முன் போட்ட ஓட்டையைப் படத்தில் கண்ட பிறகு, எவ்வளவு நல்ல கடிதமும் பலிக்காது.

அடுத்தது வயர். ரிவிக்கான பிளக் பொயின்றுக்கு வரும் வயர் பெரும்பாலும் சீலிங்கிலிருந்து நேராகக் கீழே, பூச்சுக்குள் குழாயில் இறங்கியிருக்கும். பொயின்றுக்கு நேர் மேலே ரிவியை நடுவாக வைப்பதுதான் அழகாக இருக்கும், வயர் ஓடுவதும் அதே இடத்தில்தான். அந்த நேர்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் அரை அடியாவது விட்டுத் துளை போட வேண்டும். பிராக்கெற்றின் சுவர்த் தகட்டில் நீளமான வெட்டுகள் இருப்பதால், ரிவி நடுவில் நின்றாலும் துளைகளைப் பக்கங்களுக்குத் தள்ளிவிட முடியும். இதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதினால் படிப்பவருக்குப் பெரிய நம்பிக்கை வரும்.

ரிவியின் கணக்கு

ரிவிப் பெட்டியின் மேல் மூன்று விஷயம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: கால் இல்லாத நிறை, பின்பக்கத் துளைகளின் இடைவெளி (வெசா என்று போட்டிருக்கும்), திரையின் அகலமும் உயரமும். 43 அங்குல ரிவி ஏறத்தாழ 96 சென்ரிமீற்றர் அகலம், 56 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும். நிறை எட்டு, ஒன்பது கிலோ அளவில் வரும். பிராக்கெற்றோடு பத்துப் பதினொரு கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிராக்கெற் எந்த வகை என்பது நிறையைவிட முக்கியம். சுவரோடு ஒட்டி நிற்பதும், சற்றுக் கீழே சாய்க்கக்கூடியதும் சுவரைப் பெரிதாக வருத்தாது. கை நீட்டி வெளியே இழுக்கும் வகை அப்படியல்ல. ரிவியை ஒன்றரை அடி முன்னே இழுத்தால் மேல் இரண்டு போல்ற்றுகளும் சுவரைவிட்டு வெளியே பிடுங்கப்படும் பலத்தைத் தாங்க வேண்டிவரும். வெற்றிடக் கல் சுவர் என்றால் இந்த வகையைக் கேட்கவே வேண்டாம். நானே ஆனாலும் மறுப்பேன்.

டிஷ் வயரையும் இதே கடிதத்தில் கேளுங்கள்

பலரும் விட்டுவிடும் இடம் இது. ரிவி மாட்ட நான்கு துளைக்கு அனுமதி வாங்கிவிடுவார்கள். பிறகு டிஷ் பூட்ட வருபவர் வயரை உள்ளே எடுக்க வெளிச்சுவரில் ஐந்தாவது ஓட்டையைப் போட்டுவிட்டுப் போவார். வீட்டுக்காரரைக் கோபப்படுத்துவது அந்த ஐந்தாவதுதான். அது உள்ளிருந்து வெளியே ஊடுருவிப் போவது. ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை மாரி அடிக்கும்போது நீர் அதன் வழியாக உள்ளே கசிந்து பூச்சை ஊதவைக்கும்.

யன்னல் நிலையில் ஏற்கனவே ஒரு துளை இருந்தால் வயரை அதன் வழியே எடுங்கள். இல்லாவிட்டால், 12 மில்லிமீற்றர் துளை ஒன்று, உள்ளே உயரமாகவும் வெளியே தாழ்வாகவும் சரித்துப் போடப்படும் என்று எழுதுங்கள். வெளிப்பக்கத்தில் வயர் சற்றுக் கீழே தொங்கி வளைந்து பிறகு துளைக்குள் ஏற வேண்டும். அப்போது வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டி விழும். துளையின் வாயைச் சிலிக்கன் பசையால் அடைக்க வேண்டும். டிஷ்ஷைக் கூரைச் சீற்றில் துளைத்துப் பூட்ட யார் சொன்னாலும் விடாதீர்கள். அஸ்பெஸ்ரஸ் சீற் வெடித்தால் அந்தச் செலவும் ஒழுக்கும் உங்கள் தலையில். முற்றத்தில் குழாய்க் கம்பம் நாட்டிப் பூட்டுவது நல்லது.

யாருக்கு எழுதுவது, எப்போது அனுப்புவது

கடிதம் சொந்தக்காரரின் பெயருக்குத்தான் போக வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். அக்கா வாசலில் நின்று "அதுக்கென்ன தம்பி, மாட்டுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வீட்டை விடும்போது முற்பணத்தைத் திருப்பித் தர முடிவெடுப்பது அவரில்லை. அதே நேரம், அவருக்குத் தெரியாமல் நேராக வெளிநாட்டுக்கு எழுதினாலும் மனவருத்தம் வரும். முதலில் அவரிடம் போய்க் கதைத்துவிட்டு, "அண்ணாவுக்கு எழுதப்போறன், உங்களுக்கும் ஒரு பிரதி தாறன்" என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

கையால் எழுதிக் கையொப்பமிட்டு, அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது இங்கே எல்லோருக்கும் பழகிய வழி. வெறும் தட்டச்சுச் செய்தியும் செல்லும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியை இலங்கையில் செல்லாது என்று ஒதுக்கிவிட முடியாது. போன் மாறினால் செய்தி அழிந்துபோகும் என்பதுதான் உண்மையான ஆபத்து. பதில் வந்தவுடன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அச்சடித்து வாடகை ஒப்பந்தத்தோடு வைத்துவிடுங்கள்.

நேரமும் பாருங்கள். இங்கே காலை ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் முந்தின நாள் இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. வேலையால் வந்து சாப்பிட்டு இருக்கும் நேரம் அது. அப்போது போகும் செய்திக்குக் கவனமான பதில் வரும்.

அனுப்புவதற்கு முன் பத்திரிகைத் தாள்களை ஒட்டி ரிவியின் அளவுக்கு வெட்டி, காகித ரேப்பால் சுவரில் ஒட்டுங்கள். துளை வரும் இடங்களைத் தாளிலேயே பேனாவால் குறியுங்கள், சுவரில் எதுவும் கீறாமல். முழுச் சுவரும் தெரிய ஒரு படம், கிட்ட ஒரு படம். சுவரில் ஏற்கனவே வெடிப்போ கறையோ இருந்தால் அதையும் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது உங்களையும் காப்பாற்றும்.

கடிதம்

வவுனியா குருமன்காட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஹோலின் உட்சுவர், வெற்றிடமுள்ள ஆறு அங்குலச் சீமெந்துக் கல். சுவர் 12 அடி நீளம், 9 அடி உயரம். 43 அங்குல ரிவி. வீட்டுக்காரர் கனடாவில், அவருடைய அக்கா இரண்டு வீதி தள்ளி இருக்கிறார். கடிதம் இப்படி அமையலாம்:

> குருமன்காடு, வவுனியா
> திகதி: ………
>
> அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,
>
> வணக்கம். நீங்களும் குடும்பத்தினரும் நலம் என்று நம்புகிறேன். வீடு நல்லபடியாக இருக்கிறது. இந்த மாத வாடகையை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.
>
> ஹோலில் ரிவியைச் சுவரில் மாட்டுவதற்கு உங்கள் அனுமதியைக் கேட்டு இதை எழுதுகிறேன். பிள்ளை தவழத் தொடங்கிவிட்டதால், மேசையில் இருக்கும் ரிவியை இழுத்து விழுத்திவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
>
> இடம்: ஹோலுக்கும் அறைக்கும் இடையிலான சுவர். யன்னல் பக்க மூலையிலிருந்து 6 அடி தள்ளி, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் ரிவியின் நடு வரும். தாள் ஒட்டி எடுத்த படம் இணைத்துள்ளேன்.
>
> ரிவி 43 அங்குலம், பிராக்கெற்றோடு சேர்த்து சுமார் 11 கிலோ. சுவரோடு ஒட்டி நிற்கும் பிராக்கெற்தான், வெளியே இழுக்கும் வகை அல்ல. துளைகள் நான்கு. கல் உள்ளே வெற்றிடமாக இருப்பதால், சாதாரண பிளக்குக்குப் பதிலாகப் பின்னால் விரிந்து பிடிக்கும் போல்ற் போட வேண்டும். அதற்குத் துளை ஒவ்வொன்றும் 16 மில்லிமீற்றர் வரை தேவைப்படும். தூணிலோ லிண்டலிலோ துளை போடமாட்டோம். பிளக் பொயின்றுக்கு மேலே போகும் வயரிலிருந்து இரண்டு பக்கமும் அரை அடி விலகியே துளைகள் வரும்.
>
> டிஷ் வயரை யன்னல் நிலையில் ஏற்கனவே உள்ள துளையால் எடுப்போம். வெளிச்சுவரிலும் கூரையிலும் எந்த ஓட்டையும் போடமாட்டோம்.
>
> இந்த வேலையை அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு, அக்கா நிற்கும் நேரத்தில் செய்விப்பேன். செலவு முழுவதும் என்னுடையது.
>
> வீட்டை விடும்போது பிராக்கெற்றைக் கழற்றி, துளைகளைச் சீமெந்துக் கலவையால் அடைத்துத் தேய்த்து, அந்தச் சுவர் முழுவதையும் மூலைக்கு மூலை அதே நிறத்தில் இரண்டு முறை பெயின்ற் அடித்துத் தருவேன். சுவரின் பெயின்ற் பெயரும் நிற இலக்கமும் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். இதை நான் செய்யாமல் போனால், அதற்கான நியாயமான செலவை முற்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.
>
> உங்களுக்குச் சம்மதம் என்றால், "இந்தக் கடிதத்தில் உள்ளபடி மாட்டலாம்" என்று எழுதி அனுப்புங்கள். ஏதாவது மாற்றம் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். உங்கள் பதில் வரும்வரை சுவரில் கை வைக்கமாட்டேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கையொப்பம், தொலைபேசி)
> பிரதி: அக்கா அவர்களுக்கு

உங்கள் சுவர் நிரம்பிய கல் என்றால் துளை அளவுப் பகுதியை மாற்றுங்கள்: "8 அல்லது 10 மில்லிமீற்றர் துளை, 6 சென்ரிமீற்றர் ஆழம்" என்று வரும். பிராக்கெற்றோடு வரும் பிளக்கின் மேலேயே அளவு போட்டிருக்கும். காரணம் ஒரு வரியில் முடிய வேண்டும். ரிவியின் விலை, கம்பனி, அதன் பெருமை எதுவும் வீட்டுக்காரருக்குத் தேவையில்லை.

முழுச் சுவருக்கும் பெயின்ற் என்று ஏன் எழுத வேண்டும்? இரண்டு, மூன்று வருடம் அடுப்புப் புகையும் புழுதியும் பட்ட சுவரில், அதே இலக்கப் பெயின்ற்றைத் தொட்டு வைத்தாலும் நான்கு புதுப் பொட்டுகள் பளிச்சென்று தெரியும். மூலைக்கு மூலை அடித்தால்தான் வித்தியாசம் மறையும். இது பெரிய செலவும் இல்லை. 12 அடிக்கு 9 அடி என்றால் 108 சதுர அடி, அதாவது சுமார் 10 சதுர மீற்றர். ஒரு லீற்றர் இமல்ஷன் ஒரு முறைக்கு ஏறத்தாழ அந்த அளவை மூடும். இரண்டு முறைக்கு இரண்டு லீற்றர். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாக்குக் கொடுத்தால், கடைசியில் நீங்கள் திகைக்கவும் மாட்டீர்கள், வீட்டுக்காரர் பெரிய தொகை கேட்டால் பதில் சொல்லவும் முடியும்.

பதில் எப்படி வருகிறது

பெருவிரல் படம் மட்டும் வந்தால் அதை அனுமதி என்று எடுக்காதீர்கள். "கிடைத்தது" என்பதற்கும் அதே படத்தைத்தான் போடுவார்கள். குரல் செய்தியில் சம்மதம் வந்தால், "அண்ணா, நீங்கள் சொன்னபடி நான்கு துளை போட்டு மாட்டுகிறேன், விடும்போது சுவரைப் பெயின்ற் அடித்துத் தருகிறேன். சரிதானே?" என்று நீங்களே எழுதி அனுப்பி, அதற்கு ஒரு "ஓம்" வாங்குங்கள். பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அக்காவிடம் சொல்லி நினைவூட்டச் சொல்லுங்கள். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது.

"வேண்டாம்" என்று வந்தால் காரணத்தைப் பணிவாகக் கேட்கலாம். சுவர்தான் காரணம் என்றால், கால் அகன்ற இரும்பு ஸ்ராண்ட் ஒன்றில் ரிவியைப் பூட்டி நிறுத்தலாம். துளையே தேவையில்லை. பிள்ளை இழுத்து விழுத்தும் பயத்துக்கும் அது ஓரளவு மருந்து. சிலர் "இன்னொரு மாத முற்பணம் தந்தால் மாட்டலாம்" என்பார்கள். நான்கு துளைக்கு அது அதிகம் என்பதே என் அபிப்பிராயம். மேலே சொன்ன பெயின்ற் கணக்கை வைத்து, அந்தச் செலவுக்கு ஈடான தொகையைக் கொடுக்கச் சம்மதிக்கலாம்.

துளை போடும் நாள்

மெயின் சுவிச்சோடு இருக்கும் அந்த அறையின் பிரேக்கரை இறக்கிவிட்டு, ட்ரில்லுக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுங்கள். எந்தப் பிரேக்கர் எதற்கு என்று தெரியாத வீடு என்றால் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடாமல் தொடங்க வேண்டாம். வெற்றிடக் கல்லில் ட்ரில்லின் சுத்தியல் முறையை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகச் சுழலவிடச் சொல்லுங்கள். இடித்துக்கொண்டு போனால் ஓட்டின் உட்பக்கம் கூம்பாக உடைந்து, போல்ற் பிடிக்க இடமில்லாமல் போகும். துளைத்துக்கொண்டிருக்கும்போது ட்ரில் திடீரென்று முன்னே விழுந்து, தூள் வருவதும் நின்றால் வெற்றிடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தூள் வராமல் கிறீச்சென்று சத்தம் மட்டும் வந்தால் கம்பியில் முட்டுகிறது. உடனே நிறுத்த வேண்டும்.

கடிதத்தில் எழுதியதற்கு மாறாக ஏதாவது தேவைப்பட்டால், உதாரணமாக ஒரு துளை பிழைத்து இன்னொன்று போட வேண்டிவந்தால், அப்போதே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிச் சொல்லிவிட்டுத்தான் தொடர வேண்டும். ஐந்தாவது துளையைப் பற்றி அவர் உங்கள் வாயாலேயே அறிவதற்கும், இரண்டு வருடம் கழித்துத் தானே கண்டுபிடிப்பதற்கும் இடையில் முற்பணம் நிற்கிறது. மாட்டி முடிந்ததும் ஒரு படம் அனுப்புங்கள்.

விடும் நாள்

பெயின்ற் காய நேரம் வேண்டும். அதனால் வீட்டை விடுவதற்கு ஒரு வாரம் முன்பே பிராக்கெற்றைக் கழற்றுங்கள். பின்னால் விரியும் போல்ற்றைக் கழற்றும்போது அதன் சிறகு சுவருக்குள்ளேயே விழுந்துவிடும், அதனால் பாதிப்பில்லை. வெற்றிடத்துக்குள் கலவை விழாமல் இருக்க, துளைக்குள் சிறிது காகிதத்தை அடைத்து, துளையின் விளிம்பை நீர் தெளித்து நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு அரித்த மணல் கலந்து இறுக்கமாக அப்புங்கள். முதல் தடவை மேற்பரப்புக்குச் சற்று உள்ளேயே நிறுத்தி, மறுநாள் புட்டியால் மட்டம் செய்து, காய்ந்த பிறகு தேய்த்துப் பெயின்ற் அடிக்க வேண்டும். ஒரே நாளில் மட்டமாக அடைத்தால் கலவை சுருங்கி, பெயின்றுக்குக் கீழே நான்கு பள்ளங்கள் தெரியும்.

சில வீட்டுக்காரர் அந்த நேரத்தில், "பிராக்கெற் இருக்கட்டும், அடுத்து வாறவைக்கு உதவும்" என்று சொல்வதுண்டு. நல்லது. அப்படியானால் துளை அடைக்கவோ பெயின்ற் அடிக்கவோ தேவையில்லை என்பதையும் அதே செய்தியில் எழுதி வாங்கிக்கொண்டு, சாவியை அக்காவிடம் கொடுங்கள்.